திருட்டு வண்டிக்கு இழப்பீடு: எஃப்.ஐ.ஆர். நகலில் இருந்து கிளம்பிய மூன்று ஆட்சேபணைகள்

வண்டி திருடு போனால் எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்தது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் விசாரணையாளர் அந்த நகலை எப்படிப் படிக்கிறார் என்று பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதி வராது. ஒவ்வொரு கட்டமாக, ஒவ்வொரு தேதியாக, புகாரின் ஒவ்வொரு வாக்கியமாக அவர் படிப்பார். கிளெய்மை நிறுத்தி வைக்கும் காரணம் வெளியிலிருந்து வருவதை விட, அந்த நகலுக்குள்ளிருந்தே வருவதுதான் அதிகம்.

வாகன இழப்பீட்டுக் காகிதங்களைத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மதுரையில் நடந்த ஒரு இருசக்கர வாகனத் திருட்டு. சம்பந்தப்பட்டவரின் பெயரையும், நிறுவனத்தின் பெயரையும், காவல் நிலையத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அந்த இளைஞர் என்னை அண்ணன் என்று கூப்பிடுவார். இங்கே அவரைத் தம்பி என்றே சொல்கிறேன்.

நடந்தது என்ன

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. தம்பி ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகிறார். மாலை ஆறரை மணிக்கு மண்டபத்துக்கு வெளியே, சாலையோரம் மற்ற வண்டிகளோடு தன் வண்டியை நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார். சாப்பிட்டு விட்டு ஒன்பதே முக்காலுக்கு வெளியே வந்தால் வண்டி இல்லை. ஒரு மணி நேரம் சுற்றுவட்டாரத்தில் தேடுகிறார்கள். மண்டப வாசலில் கேமரா உண்டு, ஆனால் வண்டி நின்ற இடம் அதில் தெரியாது. பதினொரு மணி வாக்கில் காவல் நிலையம் போகிறார்கள். “காலையில் வாங்க, ரைட்டர் இல்லை” என்று பதில் வருகிறது.

மறுநாள் ஞாயிறு காலை எழுத்து மூலம் புகார் கொடுத்தார். கையில் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது. திங்கட்கிழமை காலை இன்சூரன்ஸ் நிறுவனத்தின் இலவச எண்ணுக்குப் போன் செய்து தகவல் சொன்னார். கிளெய்ம் எண் குறுஞ்செய்தியாக வந்தது. எஃப்.ஐ.ஆர். பதிவானது பிப்ரவரி 19, புதன்கிழமை. திருட்டு நடந்து பதினோரு நாள் கழித்து.

சி.எஸ்.ஆர். பற்றி இங்கேயே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. புகார் கொடுத்தால் நிலையத்தில் அதைச் சமூகப் பணிப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு ஒரு ரசீது தருகிறார்கள். அதில் அரசு முத்திரை இருக்கும், தேதி இருக்கும், அதிகாரியின் கையெழுத்து இருக்கும். பார்த்தால் எல்லாம் முடிந்த மாதிரிதான் தெரியும். ஆனால் அது புகார் வந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான். வழக்கு இன்னும் பதிவாகவில்லை. வழக்கு பதிவாகாவிட்டால் புலன்விசாரணை இல்லை, புலன்விசாரணை இல்லாவிட்டால் இறுதி அறிக்கை இல்லை, இறுதி அறிக்கை இல்லாமல் திருட்டுக் கிளெய்ம் நகராது. சி.எஸ்.ஆரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 154ஆம் பிரிவின் வேலையை இப்போது அதன் 173ஆம் பிரிவு செய்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் பதிவு செய்வது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. புதிய சட்டம் இதில் ஒரு சின்ன வழி வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பதினான்கு நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். வண்டித் திருட்டில் நான் பெரும்பாலும் பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு. அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. பதிவு செய்ய மறுத்தால் புகாரைத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம். தம்பி தபால் வரைக்கும்தான் போக வேண்டியிருந்தது. ஒப்புகை அட்டை திரும்பி வந்த இரண்டாவது நாள் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

நகல் கைக்கு வந்தபோது

எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு உடனே, கட்டணம் வாங்காமல் கொடுக்க வேண்டும் என்பது 173(2). 2016இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவின்படி, பாலியல் குற்றம் போன்ற சில வகைகளைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை இணையத்திலும் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் eservices.tnpolice.gov.in தளத்தில் மாவட்டம், நிலையம், எண், ஆண்டு கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். தம்பி அங்கிருந்துதான் எடுத்து எனக்கு அனுப்பினார். நிறுவனம் நிலையத்தின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள நகலைக் கேட்டதால் அதையும் போய் வாங்கி வந்தார். திருட்டுக் கிளெய்மில் இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

நகலை வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது 3, 8, 9, 12 ஆகிய எண்கள் போட்ட கட்டங்களை. மூன்றாவது கட்டத்தில் சம்பவம் நடந்த நாளும் நேரமும், நிலையத்துக்குத் தகவல் வந்த நாளும் நேரமும் தனித்தனியாக இருக்கும். எட்டாவது, புகார் கொடுக்கத் தாமதம் ஆனதற்குக் காரணம். ஒன்பதாவது, களவு போன சொத்தின் விவரம். பன்னிரண்டாவது, புகாரின் வாசகம். தம்பியின் நகலில் இந்த நான்குமே சரியில்லை.

மூன்றாவது கட்டத்தில் சம்பவம் 08.02.2025 என்று சரியாக இருந்தது. ஆனால் தகவல் வந்த நாள் 19.02.2025 என்று போட்டிருந்தார்கள். எட்டாவது கட்டம் காலி. ஞாயிற்றுக்கிழமை கொடுத்த புகாரைப் பற்றியோ சி.எஸ்.ஆர். எண்ணைப் பற்றியோ எங்கேயும் ஒரு வரி இல்லை. படிப்பவருக்கு, வண்டியைத் தொலைத்துவிட்டுப் பதினோரு நாள் சும்மா இருந்த மனிதர் ஒருவர்தான் தெரிவார்.

ஒன்பதாவது கட்டத்தில் பதிவு எண் சரி, சேசிஸ் எண் சரி, இன்ஜின் எண்ணில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3. ஆர்.சி. நகல் மங்கலாக இருந்தது, பார்த்து எழுதியவர் அப்படி எழுதிவிட்டார்.

பன்னிரண்டாவது கட்டத்தில்தான் பெரிய சிக்கல். அதில் இருந்த வாக்கியம் இது: “வண்டியை மண்டப வாசலில் நிறுத்தி சாவியை வைத்துவிட்டு உள்ளே சென்றேன்.” தம்பி சொன்னது சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன் என்று. எழுதியவர் கை வேகத்தில் அது இப்படி ஆகிவிட்டது. தம்பி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வாய்மொழியாகச் சொன்ன தகவலை எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ள முறை. நிலையத்தில் கூட்டமாக இருக்கும்போது அது நடக்காமல் போவது உண்டு. அந்த ஐந்து நிமிடத்தைப் புகார்தாரர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பத்தாவது கட்டத்தில் களவு போன சொத்தின் மதிப்பு 40,000 ரூபாய் என்று போட்டிருந்தது. தம்பிக்கு அதுதான் பெரிய கவலை. “அண்ணே, அவ்வளவுதான் தருவாங்களா?” என்று கேட்டார். கவலைப்பட வேண்டியதே இல்லாத ஒரே கட்டம் அதுதான். திருட்டில் வண்டி மொத்தமாகப் போனால் நிறுவனம் கொடுப்பது பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி. தொகையை வைத்துத்தான். நிலையத்தில் போடும் மதிப்பு வழக்குக்காகப் போடப்படுவது. ஐ.டி.வி. என்பது பாலிசி தொடங்கும்போது வண்டியின் விலையில் தேய்மானம் கழித்து நிர்ணயிப்பது. ஆறு மாதத்துக்குள் என்றால் 5 சதவீதம், இரண்டு வயது தாண்டி மூன்று வயதுக்குள் என்றால் 30 சதவீதம். தம்பியின் வண்டிக்கு 1,20,000 ரூபாய் விலையில் 30 சதவீதம் போக 84,000 ரூபாய் பாலிசியில் இருந்தது.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே பாலிசியை ஒருமுறை விரித்துப் பார்க்கச் சொல்வேன். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. சொந்த வண்டிக்கான சேதம், திருட்டு ஆகியவற்றுக்கான பகுதியைப் பலர் ஒரு வருடத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடத்துக்குப் பாலிசி இருக்கிறது என்ற நினைப்பிலேயே இருப்பார்கள். அந்தப் பகுதி இல்லையென்றால், பிழையே இல்லாத எஃப்.ஐ.ஆர். இருந்தாலும் திருட்டுக்கு ஒரு ரூபாய் வராது. தம்பி புதுப்பித்து வைத்திருந்தார்.

நிறுவனத்தின் கடிதம்

நாங்கள் திருத்த வேலையைத் தொடங்கிய நேரத்திலேயே விசாரணையாளர் வீட்டுக்கு வந்து போய்விட்டார். மார்ச் மாத நடுவில் கடிதம் வந்தது. மூன்று ஆட்சேபணைகள், மூன்றும் எஃப்.ஐ.ஆரில் இருந்து எடுத்தவை. காவல் துறைக்குப் பதினோரு நாள் தாமதமாகத் தகவல் கொடுத்தது பாலிசியின் முதல் நிபந்தனையை மீறியது. சாவியை வண்டியில் விட்டுச் சென்றது வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்காதது. இன்ஜின் எண் பொருந்தவில்லை. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு மூடப்படும்.

முதல் ஆட்சேபணையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலான திருட்டுக் கிளெய்ம்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். வாகனப் பாலிசியின் முதல் நிபந்தனை இரண்டு கடமைகளைச் சொல்கிறது. இழப்பு நேர்ந்தால் நிறுவனத்துக்கு உடனே எழுத்து மூலம் தகவல் கொடுக்க வேண்டும். திருட்டு போன்ற குற்றம் என்றால் காவல் துறைக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு தாமதங்களும் ஒன்றல்ல. 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைப் பிரித்துச் சொன்னது. காவல் துறைக்கு உடனே சொல்லிவிட்டால், நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான திருட்டுக் கிளெய்மை மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2022 பிப்ரவரியில் ஜைனா கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில், நிறுவனத்துக்குத் தகவல் போக ஐந்து மாதத்துக்கு மேல் ஆன லாரித் திருட்டிலும் அதையே சொன்னது, அங்கே எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தது. அதற்கும் முன்பே, 2011 செப்டம்பர் 20 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. அனுப்பிய சுற்றறிக்கையில், தாமதத்தைக் காரணம் காட்டி நேர்மையான கிளெய்ம்களை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளை அப்படியே எடுத்துப் போட்டால் தம்பிக்கு உதவாது என்பதைக் கவனிக்க வேண்டும். அவை நிறுவனத்துக்கான தாமதத்தை மன்னிப்பவை. தம்பியின் கடிதத்தில் குற்றச்சாட்டு நேர் எதிர். நிறுவனத்துக்கு இரண்டே நாளில் சொல்லியாகிவிட்டது, போலீசுக்குத்தான் தாமதம் என்கிறார்கள். அதனால் எங்கள் பதில் தீர்ப்பில் தொடங்கவில்லை, சி.எஸ்.ஆர். ரசீதில் தொடங்கியது. 09.02.2025 தேதியிட்ட ரசீது, அன்று கொடுத்த புகாரின் கையெழுத்திட்ட நகல், கண்காணிப்பாளர் நிலை அதிகாரிக்குப் போன பதிவுத் தபாலின் ரசீதும் ஒப்புகை அட்டையும், 8ஆம் தேதி இரவு தம்பியின் போனில் இருந்து அவசர எண்ணுக்குப் போன அழைப்பின் பதிவு. நிபந்தனை கேட்பது காவல் துறைக்கு உடனே தகவல். காவல் துறை எப்போது வழக்குப் பதிவு செய்கிறது என்பது காப்பீடு எடுத்தவரின் கையில் இல்லை. இதைத்தான் பதிலின் முதல் பத்தியில் எழுதினோம். தீர்ப்புகளை அடுத்த பத்தியில், துணைக்கு வைத்தோம்.

கிளெய்மில் எஃப்.ஐ.ஆர். தேதிக்கும் சம்பவத் தேதிக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் ஒரே காகிதம் பெரும்பாலும் சி.எஸ்.ஆர்.தான். தனியாக அது கிளெய்மைத் தூக்கி நிறுத்தாது, ஆனால் எஃப்.ஐ.ஆர். வந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். எழுதும்போதே புகாரின் வாசகத்தில் “இது தொடர்பாக இன்ன தேதியில் கொடுத்த புகாருக்கு இன்ன எண் சி.எஸ்.ஆர். வழங்கப்பட்டது” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டால், இந்த ஆட்சேபணை பிறக்கவே பிறக்காது.

சாவி

இரண்டாவது ஆட்சேபணைக்குப் பயந்துதான் வந்தேன். சாவியை வண்டியில் விட்டது உண்மையாகவே இருந்தால் என்ன ஆகும் என்றால், அப்போதும் கிளெய்ம் முழுதாகச் செத்துவிடாது. நிபந்தனை மீறல் அடிப்படையை உடைக்காத இடங்களில் ‘நான்-ஸ்டாண்டர்டு’ என்று சொல்லி 75 சதவீதம் வரை தீர்க்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கிறது. ஆனால் தம்பி விஷயத்தில் கால்வாசியை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அந்த வாக்கியம் நடந்ததைச் சொல்லவில்லை.

இரண்டு வேலைகள் செய்தோம். ஒன்று, எஃப்.ஐ.ஆரை யாராலும் அழித்துத் திருத்த முடியாது. நிலைய அதிகாரியால் கூட. பதிவான பிரதி நீதிமன்றத்துக்குப் போய்விடும். திருத்துவதற்கு உள்ள வழி கூடுதல் வாக்குமூலம். புலன்விசாரணை அதிகாரி 180ஆம் பிரிவின் கீழ், முன்பு 161 என்று சொல்லிக்கொண்டிருந்தோமே அதுதான், புகார்தாரரை மீண்டும் விசாரித்துப் பதிவு செய்யலாம். தம்பி எழுத்து மூலம் கேட்டு, ஆய்வாளர் கூடுதல் வாக்குமூலம் பதிவு செய்தார். அதில் ஹேண்டில் லாக் போட்டது, சாவியைச் சட்டைப் பையில் எடுத்துச் சென்றது, சரியான இன்ஜின் எண், 9ஆம் தேதி புகார் கொடுத்தது எல்லாம் வந்தன. மூன்றாவது ஆட்சேபணையும் அதோடு தீர்ந்தது, ஆர்.டி.ஓ. பதிவில் இருந்து எடுத்த விவரத்தாளை உடன் வைத்தோம்.

இரண்டு, சாவிகளையே காட்டினோம். வண்டி வாங்கும்போது கொடுத்த இரண்டு ஒரிஜினல் சாவிகளும் தம்பியிடம் இருந்தன. ஒன்று தினமும் பயன்படுத்தித் தேய்ந்தது, இன்னொன்று பீரோவில் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் அந்தத் தேய்ந்த சாவி திருடனோடு போயிருக்கும். நிறுவனங்கள் திருட்டுக் கிளெய்மில் இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வது இதற்காகத்தான். உறையில் இருக்கும் புதுச் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைக் காணோம் என்று சொல்பவர்களைத்தான் விசாரணையாளர் குடைந்து கேட்பார். உண்மையிலேயே ஒரு சாவி முன்பே தொலைந்திருந்தால் அதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். டூப்ளிகேட் வெட்டி ஒரிஜினல் என்று கொடுப்பது மட்டும் வேண்டாம், வெட்டின பல்லைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அதன் பிறகு நல்ல கிளெய்ம் கூட மோசடி என்று ஆகிவிடும்.

ஆர்.சி. புத்தகம் வண்டியின் சீட்டுக்குக் கீழே இருந்தது. பலரும் அங்கேதான் வைக்கிறார்கள். அது ஒன்பதாவது கட்டத்தில் சொத்தோடு சேர்ந்து வந்திருந்தது, அந்த வகையில் அதிர்ஷ்டம். வராமல் விட்டவர்கள், ஆவணம் தொலைந்ததற்கு இணையத்தில் எடுக்கும் அறிக்கையை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து அனுப்புகிறார்கள். அது தொலைந்துபோன காகிதத்துக்கு நகல் வாங்க மட்டுமே உதவும்.

வண்டி கிடைக்கவில்லை என்ற காகிதம்

விளக்கத்தை ஏப்ரலில் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் பணம் வரவில்லை, வராது. எஃப்.ஐ.ஆர். ஒரு திருட்டு நடந்ததாகத் தகவல் வந்தது என்பதைச் சொல்கிறது. நிறுவனத்துக்கு அடுத்துத் தேவைப்படுவது, போலீஸ் தேடியும் வண்டி கிடைக்கவில்லை என்ற முடிவு. இதைப் பேச்சு வழக்கில் ‘நான் டிரேசபிள்’ என்று சொல்வார்கள். சில நிறுவனங்கள் ஆய்வாளர் தரும் சான்றிதழோடு நின்றுவிடும். சில, வழக்கு ‘கண்டுபிடிக்க இயலாதது’ என்று நீதிமன்றத்தில் தாக்கலான இறுதி அறிக்கையின் நகலையும் கேட்கும். தம்பியின் நிறுவனம் இரண்டாவது வகை.

இங்கேதான் மாதங்கள் ஓடும். இறுதி அறிக்கை ஜூலையில் தாக்கலானது. நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்க இன்னும் சில வாரங்கள். புலன்விசாரணை அதிகாரி மாறிப்போனால் இந்த இடத்தில் கோப்பு தூங்கும். மாதம் ஒருமுறை நேரில் போய், வழக்கு எண்ணைச் சொல்லிக் கேட்பதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. இறுதி அறிக்கையில் இன்ஜின் எண் சரியாக வந்திருக்கிறதா என்று தாக்கலுக்கு முன்பே பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கூடுதல் வாக்குமூலம் இருந்ததால் சரியாகவே வந்தது.

நடுவில் செய்ய வேண்டிய ஒன்றைத் தம்பி பிப்ரவரியிலேயே செய்துவிட்டார்: எஃப்.ஐ.ஆர். நகலோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதிக் கொடுத்து, வண்டியை வேறு பெயருக்கு மாற்றாமல் தடுக்கச் சொன்னார். கடன் கொடுத்த பைனான்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் கொடுத்தார். வண்டி போனாலும் தவணை நிற்காது என்பதை அவர்களே சொன்னார்கள்.

கடைசிக் கட்டத்தில் நிறுவனம் 28, 29, 30, 35 ஆகிய படிவங்களில் கையெழுத்து வாங்கியது. வண்டி பின்னால் கிடைத்தால் அது நிறுவனத்துக்குச் சேரும்படி உரிமையை மாற்றிக்கொள்ளத்தான் இவை. கூடவே உரிமை ஒப்படைப்புக் கடிதமும், முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரமும். செப்டம்பரில் பணம் வந்தது. ஐ.டி.வி. 84,000 ரூபாயில் கட்டாயக் கழிவு 100 ரூபாய் போக 83,900. பைனான்சில் பாக்கி 22,000. அது நேராக அவர்களுக்குப் போனது. தம்பி கணக்கில் 61,900 ரூபாய் ஏறியது.

இதுவே விபத்தாக இருந்திருந்தால்

எஃப்.ஐ.ஆரின் பங்கு விபத்தில் வேறு மாதிரி. தனியாகத் தடுப்பில் மோதி வண்டி மட்டும் நசுங்கியது, யாருக்கும் காயம் இல்லை என்றால், சொந்தச் சேதக் கிளெய்முக்குப் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். கேட்பதில்லை, சர்வேயர் வந்து பார்ப்பதும் மோதிய இடத்தின் படங்களும்தான் முக்கியம். ஆள் அடிபட்டால் கதை மாறிவிடும். அங்கே எஃப்.ஐ.ஆரில் நிறுவனம் தேடுவது மோதிய வண்டியின் எண்ணையும் ஓட்டியவரின் பெயரையும். வண்டி எண் முதல் நாள் எஃப்.ஐ.ஆரில் இல்லாமல், பல நாள் கழித்து வாக்குமூலத்தில் மட்டும் வந்தால், வண்டியையே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள் என்று வாதாடுவார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து நிலையத்துக்குப் போகும் தகவலிலும், சேர்க்கைக் குறிப்பிலும் அந்த எண் அன்றே பதிவாகியிருந்தால் இந்த வாதம் நிற்காது. ஓட்டியவர் பெயரை மாற்றிச் சொல்வது இன்னும் ஆபத்து. லைசென்ஸ் இல்லாத மகனுக்குப் பதில் அப்பா பெயரைக் கொடுக்கிற குடும்பங்கள் உண்டு. அது நிறுவனத்தை ஏமாற்றுவது மட்டும் இல்லை, போலீசுக்குப் பொய்த் தகவல் கொடுத்த குற்றமும் ஆகும்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் புலன்விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். விரிவான விபத்து அறிக்கைக்கு 90 நாள். அடிபட்டவரின் குடும்பம் எஃப்.ஐ.ஆர். நகலோடு இந்த இரண்டு அறிக்கைகளையும் கேட்டு வாங்க வேண்டும். தீர்ப்பாயம் எஃப்.ஐ.ஆரை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று மற்றச் சாட்சியங்களோடு எடை போட்டுத்தான் பார்க்கிறது.

தம்பியின் நிறுவனம் விளக்கத்தை ஏற்காமல் மறுத்திருந்தால், அடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்து மூலம் முறையிட்டிருப்போம். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கத் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை எடுத்துக்கொள்வார்கள். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அந்த மனுவோடு வைக்க நாங்கள் எடுத்து வைத்திருந்த கட்டில் இருந்தவை அதே காகிதங்கள்தான்: முத்திரை போட்ட எஃப்.ஐ.ஆர். நகல், சி.எஸ்.ஆர்., ஒப்புகை அட்டை, சாவியை ஒப்படைத்ததற்கு நிறுவனம் கொடுத்த ரசீது.